கோட்டை விட்ட கைகள்

பந்தைப் பிடிக்கத் தவறியவனைப் பற்றித் தமிழில் ஒரு அழகான வார்த்தை வழங்குகிறது. "கேட்சைக் கோட்டை விட்டான்" என்கிறோம். யானைப் படையும் குதிரைப் படையும் வைத்துக்கொண்டிருந்த மகாராஜாக்கள் கோட்டை விட்டதற்கும், மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் தன் கைக்கு நேரே வந்த பந்தை நழுவ விட்டதற்கும் ஒரே வார்த்தைதான். மைதானத்தின் ஓரத்தில் நின்று வேடிக்கை பார்ப்பவர்களுக்கு இது மிகவும் ருசிகரமான வார்த்தை. ஆனால் கோட்டை விட்டவனின் முகத்தை அந்தச் சமயத்தில் யாரும் பார்ப்பதில்லை. பந்து எங்கே ஓடுகிறது என்றுதான் பார்க்கிறார்கள்.

நாம் தேனாம்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் சரித்திர உபாத்தியாயராக இருக்கிறோம். ஆகவே கோட்டைகள் விழுந்த விவரமெல்லாம் நமக்குத் தலைகீழ்ப் பாடம். சாயங்கால வேளைகளில் சிறு பிள்ளைகளுக்குக் கிரிக்கெட் சொல்லிக் கொடுப்பது நம்முடைய உபதொழில். சம்பளம் இல்லாத தொழில். ஆனால் அதில் நாம் செய்த ஒரு தவறுக்கு இன்னமும் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறோம்.

அந்தத் தவறை முதலில் சொல்லிவிடுகிறோம்.

ஐந்து வருஷங்களுக்கு முன் பத்து வயதுப் பையன் ஒருவன் நம் கோஷ்டியில் சேர்ந்தான். மட்டை பிடிப்பதில் கெட்டிக்காரன். ஆனால் பந்து பிடிக்கச் சொன்னால் முகத்தைத் தோளுக்குள் புதைத்துக்கொண்டு கைகளை மாத்திரம் முன்னால் நீட்டுவான். "பயத்தை ஒரேயடியாகப் போக்கிவிட வேண்டும்" என்று நாம் தீர்மானித்தோம். நாமும் சிறு வயதில் கார்க் பந்திலே விரல் வீங்கித்தானே கற்றுக்கொண்டோம்? பத்தடி தூரத்தில் நின்று, கார்க் பந்தை அவன் மார்புக்கு நேராக எறிந்தோம். "கண்ணைத் திற! பந்தைப் பார்!" என்று அதட்டவும் செய்தோம். மூன்றாவது பந்து அவன் கட்டைவிரலில் பட்டு எகிறி உதட்டைக் கிழித்தது. ரத்தம் அதிகமில்லை. பையன் அழக்கூட இல்லை. மறுநாள் மைதானத்துக்கு வந்து, "ஸார், நான் ஸ்கோர் எழுதுகிறேன்" என்றான். அன்று முதல் பென்சிலும் நோட்டுப் புத்தகமும்தான் அவனுக்குக் கிரிக்கெட். கணக்கில் ஒரு ஓட்டம் பிசகாமல் எழுதுவான். ஆனால் எல்லைக்கோட்டைத் தாண்டி அவனிடம் ஒரு பந்து உருண்டு வந்தால் நாற்காலியை விட்டு எழுந்து நகர்ந்துவிடுவான்.

சென்ற வருஷம் அவனுடைய தம்பி வந்து சேர்ந்தான். வயது எட்டு. அவனைக் கையைப் பிடித்து அழைத்து வந்த பாட்டியம்மாள் கேட்டிலேயே நின்று, "வாத்தியாரய்யா, பெரியவனைத்தான் அப்படி ஆக்கி அனுப்பினீங்க. இவனையாவது வாயும் மூக்கும் முழுசா வீட்டுக்கு அனுப்பி வையுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். இந்த வார்த்தைக்குப் பதில் சொல்லும் சக்தி நம்மிடம் இல்லை.

சின்னவனைச் சோதித்துப் பார்த்தோம். அண்ணனுக்கு இருந்த வியாதி அப்படியே இருந்தது. ஆனால் இந்தத் தடவை நாம் ஒரு காரியம் செய்தோம். பந்தை நாம் எறியாமல் வேறொரு பையனை மெதுவாக எறியச் சொல்லி, அவன் பின்னால் நின்றுகொண்டு, சின்னவனின் கைகளைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்தோம். அப்போதுதான் விஷயம் விளங்கிற்று. பந்து அவனை நெருங்குவதற்கு வெகு முன்னதாகவே, பாதி வழியிலேயே, அவன் கண்களை மூடிவிட்டான். தலை பின்னால் சாய்ந்து ஒரு பக்கமாகத் திரும்பிற்று. முழங்கை இரண்டும் கம்பு மாதிரி விறைத்துக்கொண்டன. உள்ளங்கைகள் போலீஸ்காரர் வண்டியை நிறுத்துவது போல நிமிர்ந்து நின்றன. விரல் நுனிகள் பந்தைக் குத்துவது போல் நீண்டிருந்தன. இப்படி நிற்கிறவன் கையில் பந்து எப்படித் தங்கும்? விரல் நுனியில் பட்டு விரல் பிசகும், அல்லது கைகளுக்கு நடுவே புகுந்து முகத்தில் படும். பயந்தவன்தான் அடிபடுகிறான், அடிபட்டதனால் மேலும் பயப்படுகிறான்.

வேகமாக நெருங்கி வரும் பொருளைக் கண்டால் இமை மூடிக்கொள்வது சரீரத்தின் சுபாவம். கண்ணைக் காப்பாற்றுவதற்கு அமைந்த ஏற்பாடு அது. அதை அதட்டிப் போக்கிவிட முடியாது. "கண்ணைத் திற" என்று நாம் அண்ணனை அதட்டியது, தும்மல் வருகிறவனை "தும்மாதே" என்று அதட்டியதற்குச் சமானம். கண் தானாகவே திறந்திருக்க வேண்டுமானால், வருகிற பொருள் தன்னை ஒன்றும் செய்யாது என்று கண்ணுக்கே நம்பிக்கை பிறக்க வேண்டும். கைக்குப் பாடம் அப்புறம்.

ஆகையால் முதல் வாரம் பந்தைப் பிடிக்கவே சொல்லவில்லை. உருட்டினோம். எதிரெதிரே காலை அகட்டி உட்கார்ந்துகொண்டு டென்னிஸ் பந்தைத் தரையோடு தரையாக உருட்டி விளையாடுவது. பிறகு நின்றுகொண்டு குனிந்து எடுப்பது. உருளும் பந்து முகத்துக்கு வராது. அதைக் கடைசி வரை பார்த்துக்கொண்டிருப்பதில் அபாயமில்லை. இதிலேயே தடுக்கும் முறையையும் கற்றுக் கொடுத்தோம். வலது கையால் எறிகிறவன், வருகிற பந்துக்கு வலது பாதத்தைக் குறுக்கே வைத்து, இடது முழங்காலை அந்தக் குதிகாலை ஒட்டித் தரையில் ஊன்றிக்கொள்ள வேண்டும். பாதமும் முழங்காலும் துடையும் சேர்ந்து ஒரு சுவர் ஆகிவிடும். கைகள் அந்தச் சுவருக்கு முன்னால் இருக்கும். கை தவறினாலும் சுவர் தடுக்கும். இதில் வழக்கமாக நேருகிற பிழை ஒன்றுதான்: பந்து கையில் விழுவதற்கு முன்னமே எங்கே எறியலாம் என்று தலையைத் தூக்கிவிடுவார்கள், பந்து கால் நடுவே புகுந்து போய்விடும். எங்கள் பள்ளிக்கூடத்து முற்றத்தில் வேப்ப மரத்தின் வேர்கள் தரையில் புடைத்துக்கொண்டிருக்கின்றன. பந்து அவற்றில் தட்டித் துள்ளினால் அதிகப்பட்சம் மார்பில் வந்து மெத்தென்று பட்டது. சின்னவன் முதல் தடவை திடுக்கிட்டான். இரண்டாம் தடவை சிரித்தான். அந்தச் சிரிப்பை நாம் நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டோம்.

இரண்டாவது வாரம் பலூன் கொண்டு வந்தோம். பலூன் ஆடி அசைந்து இறங்குகிறபடியால் கண் அதைத் தொடர்ந்து வருவதற்கு வேண்டிய அவகாசம் கிடைக்கிறது. தாழ்வாரத்துக்குள்தான் இதைச் செய்ய வேண்டும். வெளியே காற்று அதைக் கொண்டுபோய்விடும். ஆனால் பலூனை இரண்டு நாளைக்கு மேல் வைத்துக்கொள்ளலாகாது என்பது நம் அபிப்பிராயம். பெரிய பொருளைக் குழந்தைகள் கையால் பிடிப்பதில்லை. இரண்டு புஜங்களாலும் மார்போடு அணைத்துக்கொள்கிறார்கள். அந்தப் பழக்கம் ஊறிவிட்டால் சிறிய பந்து வரும்போதும் அணைக்கவே பார்ப்பார்கள். பந்து மார்பில் மோதிக் கீழே விழுந்துவிடும்.

பலூனுக்கு அடுத்தபடி காலுறைப் பந்து. பழைய காலுறைகள் நாலைந்தை ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருட்டி, கடைசி உறையின் வாயைத் தைத்துவிட்டால் கைக்கு அடக்கமான பந்து ஒன்று தயார். முகத்தில் பட்டாலும் வலிக்காது. தரையில் விழுந்தால் விழுந்த இடத்திலேயே கிடக்கும், ஓடித் துரத்த வேண்டியதில்லை. பயந்த பையனுக்கு இது சிறிய சௌகரியமன்று. தவறவிட்ட பந்து நாற்பதடி ஓடிற்றானால் அதைத் துரத்திப் போய்த் திரும்புகிற வரையில் எல்லோரும் அவனையே பார்த்துக்கொண்டிருப்பார்கள் அல்லவா?

இந்தக் காலுறைப் பந்தை முதலில் வேறொருவர் எறியக் கூடாது. பையனே தனக்குத் தானே மேலே போட்டுப் பிடிக்க வேண்டும். எப்போது வரும், எவ்வளவு வேகத்தில் வரும் என்பது அவனுக்கே தெரியும். பயத்தில் பாதி, எப்போது வருமோ என்ற பயந்தான். முதலில் கண் மட்டத்துக்குப் போட்டான்; பிறகு தலைக்கு மேல். கையிலிருந்து 1 மீட்டர் உயரம் போட்டால் பந்து மேலே போய்த் திரும்பி வருவதற்குச் சுமார் 0.9 விநாடி ஆகிறது. இந்த அவகாசத்தில் ஒரு தரம் கைதட்டிவிட்டுப் பிடிக்கச் சொன்னோம். அது சுலபமானதும் இரண்டு தட்டு. கைதட்டலில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கை சும்மா இருந்தால்தான் விறைத்துக்கொள்ளும். தட்டிவிட்டு வருகிற கை தளர்ந்திருக்கும். பையனுடைய கவனமும் "விழுந்துவிடுமோ" என்பதிலிருந்து "எத்தனை தட்டு" என்பதற்கு மாறிவிடுகிறது. நாலாவது நாள் சின்னவன் மூன்று தட்டு தட்டினான். அதை மற்றவர்களுக்குக் காட்டுவதற்காக மேலும் ஒரு முழம் உயரப் போட்டு, மூக்கில் வாங்கிக்கொண்டு, அதற்கும் சிரித்தான்.

அப்புறந்தான் நாம் எறிந்தோம். இரண்டு தப்படி தூரம், தோளுக்குக் கீழிருந்து வீச்சு, இடுப்பு உயரம். அவன் உடம்புக்கு நேரே எறியாமல் வலது பக்கம் ஒரு சாண் விலக்கியே எறிந்தோம். முகத்துக்கு நேராக வருகிற பந்து வரவரப் பெரிதாகிக் கண்ணை மிரட்டுகிறது. பக்கத்தில் போகிற பந்தை அதே கண் பயமின்றிப் பார்க்கிறது. பத்துப் பந்துக்கு எத்தனை பிடித்தான் என்று நாம் கணக்கு வைக்கவில்லை. எத்தனை பந்துக்கு முகம் திரும்பவில்லை என்றுதான் கணக்கு. பத்தில் எட்டுக்கு முகம் நிலைத்திருந்தால், பிடித்தாலும் விட்டாலும், அடுத்த படி. அடுத்தடுத்து இரண்டு பந்துக்கு முகம் திரும்பினால் ஒரு படி கீழே. இந்தக் கணக்கை எழுதியவன் யாரென்றால், எல்லைக்கோட்டு நாற்காலியில் நோட்டும் பென்சிலுமாக உட்கார்ந்திருந்த அண்ணன்தான்.

நம்முடைய சகோதர உபாத்தியாயர் ஒருவர் இதையெல்லாம் கண்டு பரிகாசம் செய்தார். "ஸோல்கர் பழைய காலுறையிலா பழகினார்?" என்று கேட்டார். ஏக்நாத் ஸோல்கர் நம் நாட்டில் தோன்றிய மகத்தான பந்து பிடிப்பாளர். பம்பாயில் மைதானப் பராமரிப்பாளர் ஒருவரின் மகன். தலைக்கவசம் இல்லாத காலத்தில் மட்டைக்காரரின் காலடியில் நின்றுகொண்டு 27 டெஸ்டு ஆட்டங்களில் 53 கேட்ச் பிடித்தார். அவர் எதிலே பழகினாரோ, அது நமக்குப் பிரச்னையில்லை. கெட்டிப் பந்தில் பழகித் தேறியவர்களின் கதைதான் நமக்குக் கேட்கக் கிடைக்கிறது. கெட்டிப் பந்தைக் கண்டு வீட்டுக்குப் போய்விட்டவர்கள் வந்து தங்கள் கதையைச் சொல்லுவதில்லை. எல்லைக்கோட்டில் உட்கார்ந்திருந்த நம்முடைய கணக்கப்பிள்ளையைச் சுட்டிக் காட்டினோம். சகோதர உபாத்தியாயர் மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை.

ஐந்தாவது வாரம் டென்னிஸ் பந்து. கிரிக்கெட் பந்தின் எடை 156 முதல் 163 கிராம் வரை. டென்னிஸ் பந்து 60 கிராமுக்கும் உட்பட்டது. அதாவது கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. பருமனிலோ இரண்டுக்கும் அதிக வித்தியாசமில்லை. ஆகவே கை கற்றுக்கொள்ளும் அளவு மாறுவதில்லை. வலி மாத்திரம் குறைகிறது. ஆனால் காலுறையிலிருந்து டென்னிஸ் பந்துக்குத் தாவுவதில் ஒரு சங்கடம். காலுறை கையில் விழுந்தால் அடங்கிக் கிடக்கும்; டென்னிஸ் பந்து துள்ளி வெளியே ஓடிவிடும். இதற்கு என்ன செய்வதென்று யோசித்துக்கொண்டு வீட்டுக்குப் போகும்போது, எல்டாம்ஸ் ரோட்டை அடுத்த ஒரு சந்திலே நமக்கு விடை கிடைத்தது.

சந்தில் பையன்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் அடித்த பந்து தரையில் ஒரு தரம் குத்தி எழும்பியது. இன்னொருவன் அதை ஒற்றைக் கையால் பிடித்தான். "ஒன் பிட்ச், அவுட்!" என்று ஏக ஆரவாரம். சென்னைத் தெருக்களில் ஆடியவர்களுக்கு இந்தச் சட்டம் தெரியும். தரையில் ஒரு தரம் பட்ட பந்தை ஒற்றைக் கையால் பிடித்தால் மட்டைக்காரன் ஆட்டம் இழக்க வேண்டியதுதான். லார்ட்ஸ் மைதானத்துச் சட்டப் புத்தகத்தில் இது கிடையாது. இடம் குறுகிய சந்துகளில் ஆட்டம் முடிவில்லாமல் போகாமலிருக்கச் செய்த ஏற்பாடு என்றுதான் அதுவரை நினைத்திருந்தோம். அன்றைக்குத்தான், பயந்த பிள்ளைகளுக்கு இதைவிடச் சிறந்த படிக்கட்டு இல்லை என்று தோன்றிற்று. தரையில் குத்திய பந்து தன் வேகத்தில் ஒரு பங்கைத் தரைக்குக் கொடுத்துவிடுகிறது. 254 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விட்ட டென்னிஸ் பந்து 135 முதல் 147 சென்டிமீட்டர் வரைதான் எழும்ப வேண்டும் என்பது பந்து செய்கிறவர்களுக்கு விதித்திருக்கும் அளவு. பாதிக்குச் சற்று மேல். அப்படி எழும்பிய பந்து உச்சியில் ஒரு கணம் நின்று யோசிப்பது போல நிற்கிறது. அந்த இடத்தில் அதைப் பிடிப்பது, அலமாரியிலிருந்து மாம்பழத்தை எடுப்பது போலத்தான்.

கட்டடம் கட்டுகிற இடத்தில் சித்தாள் கீழேயிருந்து செங்கல்லை மேலே வீசுவதையும், சாரத்தில் நிற்கும் கொத்தனார் அதை வாங்குவதையும் நேயர்கள் பார்த்திருக்கலாம். செங்கல் ஒவ்வொன்றும் கிரிக்கெட் பந்தைப் போலப் பத்துப் பங்குக்கு மேல் கனம். ஆனால் கொத்தனாருக்குக் கை வலிப்பதில்லை. செங்கல் தன் உச்சியை அடைந்து நிற்கிற கணத்தில் அதை வாங்கி, வாங்கிய கையோடு சற்றே பின்னுக்கு இழுத்துக்கொள்கிறார். மறுநாள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய்ப் பக்கத்துத் தெருவில் நடந்த வேலையைப் பத்து நிமிஷம் வேடிக்கை பார்க்க வைத்தோம். "ஸார், கல்லு கையிலே வந்து உக்காருது" என்றான் சின்னவன். நாம் ஒரு வாரம் பிரசங்கம் செய்தாலும் அப்படிச் சொல்லியிருக்க மாட்டோம்.

எனவே, டென்னிஸ் பந்தை மூன்று தப்படி தூரத்திலிருந்து தரையில் குத்தி எழுப்பி, அது உச்சிக்கு வந்ததும் இரண்டு கைகளாலும் வாங்கப் பழக்கினோம். இதற்கு முன்னமே பந்தைப் பாதி சிவப்பாகவும் பாதி நீலமாகவும் வர்ணம் பூசி வைத்திருந்தோம். பிடித்தவுடன், "கைக்குள் வரும்போது எந்த நிறம் மேலே தெரிந்தது?" என்று கேட்போம். பந்தைப் பார் என்று சொன்னால் பிள்ளைகள் பந்தைப் பார்ப்பதாகப் பாவனை செய்வார்கள். நிறத்தைச் சொல் என்றால் பார்த்தே தீர வேண்டும். முதல் நாள் சின்னவன் ஊகித்துச் சொன்னான் என்று நினைக்கிறோம். மூன்றாம் நாள் "இரண்டும் சுத்திச்சு ஸார், ஊதா கலர் மாதிரி தெரிஞ்சது" என்றான். ஊகித்துச் சொல்கிறவன் ஊதா என்று சொல்ல மாட்டான்.

கையைப் பற்றிய பாடம் இந்தக் கட்டத்தில்தான் ஆரம்பமாயிற்று. அது இரண்டே வார்த்தை. மார்புக்குக் கீழே வருகிற பந்துக்குச் சுண்டுவிரல் இரண்டும் சேர வேண்டும். விரல்கள் கீழ்நோக்கி இருக்க வேண்டும். மார்புக்கு மேலே வருகிற பந்துக்குக் கட்டைவிரல்கள் சேர்ந்து, விரல்கள் வானத்தைப் பார்க்க வேண்டும். எந்தச் சந்தர்ப்பத்திலும் விரல் நுனி பந்தைப் பார்க்கலாகாது. மார்புக்கு நேராகவே வருகிற பந்துக்குத்தான் எந்தக் கை என்ற குழப்பம் வருகிறது. பெரியவர்களே அதில் தடுமாறுகிறார்கள். ஆகையால் இரண்டு வாரம் இடுப்பு உயரப் பந்தை மாத்திரம் கொடுத்தோம்.

நாம் கவனித்த வேறொன்று சத்தம். பந்து கையில் விழும்போது பளீரென்று அறைகிற சத்தம் கேட்டால் கை விறைத்திருக்கிறது என்று அர்த்தம். தொப்பென்று மந்தமாகக் கேட்டால் கை பந்தோடு கூடவே பின்னால் வந்திருக்கிறது. பந்து உள்ளங்கையின் அடிப்பாகத்தில் பட்டு மேலே எகிறினால், கை பந்தைப் பார்த்து முன்னே பாய்ந்துவிட்டது. விரல்களைத் தட்டிக் கீழே நழுவினால் கை தாமதமாக வந்தது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலே யார் எப்படிப் பிடிக்கிறார்கள் என்று சொல்லிவிடலாம்.

இவ்வளவும் தெரிந்த நாம், ஏழாவது வாரத்தில் ஒரு மூடத்தனம் செய்தோம். சின்னவன் இடுப்பு உயரப் பந்தைத் தரையில் குத்தாமலே பத்துக்கு ஒன்பது பிடித்துக்கொண்டிருந்தான். நமக்குத் தலைகால் புரியவில்லை. ஒரே சாயங்காலத்தில் தூரத்தை மூன்று தப்படியிலிருந்து ஆறு தப்படி ஆக்கினோம்; உயரத்தை இடுப்பிலிருந்து முகத்துக்கு ஏற்றினோம்; பந்தும் புதிது, வர்ணம் பூசாதது. முதல் பந்திலேயே முகம் திரும்பிற்று. இரண்டாவது பந்துக்கு இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டான். அண்ணன் நோட்டில் ஏதோ எழுதினான். அருகே போய்ப் பார்த்தோம். அன்றைய தேதியும், பக்கத்தில் "3 மாற்றம்" என்றும் எழுதியிருந்தது. தூரம், உயரம், பந்து: மூன்றையும் ஒரே நாளில் மாற்றிய குற்றத்தை அவன் நமக்கு முன்னமே கண்டுபிடித்துவிட்டான்.

நாம் காலுறைப் பந்துக்குத் திரும்பினோம். நல்ல வேளையாக, ஏறி வந்த படிகளில் இரண்டாம் முறை ஏறுவதற்கு இரண்டு வாரந்தான் ஆயிற்று. இந்தத் தடவை ஒரு நாளைக்கு ஒன்றையே மாற்றினோம். தூரத்தை அரைத் தப்படி கூட்டினால் பந்தும் உயரமும் பழையபடியே. உயரத்தைக் கூட்டுகிற நாளில் மறுபடியும் காலுறை. முகத்துக்கு நேராகக் காலுறை வந்தபோது கட்டைவிரல்களைச் சேர்த்து அவன் அதை வாங்கினான். அதற்குப் பிறகுதான் அதே உயரத்துக்கு டென்னிஸ் பந்து.

இந்த வைத்தியம் எல்லோருக்கும் பலிக்காது. நம் கோஷ்டியில் ஒரு பெண் குழந்தை இரண்டு தப்படியில் எல்லாப் பந்தையும் பிடிப்பாள். ஐந்து தப்படி போனால் ஒன்றைக்கூடப் பிடிக்க மாட்டாள். ஆனால் முகம் திரும்பவே இல்லை, கண் மூடவும் இல்லை. பயமில்லாமல் தவறவிடுகிறாளே என்று யோசித்துக் கரும்பலகையில் எழுதியதைக் கடைசி வரிசையிலிருந்து படிக்கச் சொன்னோம். முடியவில்லை. அவளுக்கு வேண்டியிருந்தது மூக்குக் கண்ணாடி, காலுறை அன்று. முகத்தைப் பார்க்காமல் கையை மாத்திரம் பார்த்திருந்தால் இவளையும் பயந்தாங்கொள்ளிக் கணக்கில் சேர்த்திருப்போம்.

கெட்டிப் பந்து எப்போது என்று பெற்றோர்கள் கேட்கிறார்கள். சிறுவர்களுக்கென்றே 133 முதல் 144 கிராம் எடையில் பந்து செய்கிறார்கள். டென்னிஸ் பந்தை எல்லா உயரத்திலும் முகம் திரும்பாமல் பிடிக்கிற பிள்ளைக்கு அதைக் கையில் கொடுத்து, முதல் நாள் உருட்டலிலிருந்தே மறுபடியும் ஆரம்பிக்கிறோம். சின்னவன் இன்னும் அந்தப் பந்தை உருட்டிக்கொண்டுதான் இருக்கிறான். அவசரமில்லை.

சென்ற மாதம் இரண்டு கட்சியாகப் பிரித்து, டென்னிஸ் பந்தில் ஒரு ஆட்டம் வைத்தோம். பிடிப்பதில் இன்னும் தயங்குகிறவர்களுக்கு மட்டும் ஒன் பிட்ச் சட்டம், அதுவும் இரண்டு கைகளால். ஆட்டத்தின் நடுவே பந்தொன்று வேப்ப மரக் கிளையை உரசிக்கொண்டு உயரே எழும்பி, சின்னவன் இருந்த திசையில் இறங்கிற்று. தரையில் குத்தும் வரையில் அவன் காத்திருக்கலாம்; சட்டம் இடங்கொடுத்தது. அவன் காத்திருக்கவில்லை. இரண்டு அடி பின்னுக்குப் போய், கட்டைவிரல்களைச் சேர்த்துக்கொண்டு நின்றான். தொப்பென்று சத்தம் கேட்டது. கேட்டருகே நின்றுகொண்டிருந்த பாட்டியம்மாள், "முகத்திலே பட்டுதா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே ஓடி வந்தார்.

ஆட்டம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, அண்ணன் நோட்டை மூடிவிட்டுத் தம்பியை அழைத்துப் போக எழுந்தான். தம்பி வர்ணப் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு, "அண்ணா, ஒண்ணே ஒண்ணு, பிடி" என்று மெல்ல வீசினான். ஐந்து வருஷங்களாக எல்லைக்கோட்டுக்கு வெளியே இருந்தவன், என்ன நினைத்தானோ, கையை நீட்டினான். முழங்கைகள் விறைத்தன, முகம் தோளுக்குள் போயிற்று. பந்து விரலில் பட்டுக் கீழே விழுந்து உருண்டது.

"எந்தக் கலர் தெரிஞ்சது, அண்ணா?" என்று தம்பி கேட்டான்.

அண்ணன் பதில் சொல்லவில்லை. நாம் காலுறைப் பந்தை எடுப்பதற்காகப் பையைத் தேடினோம். அதற்குள் சின்னவன் பையைத் திறந்து அதை எடுத்து அண்ணன் கையில் வைத்து, "இதை நீயே மேலே போட்டு நீயே பிடி. முதல்லே கண்ணு வரைக்கும்தான். கைதட்டறது நாளைக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.